வயிறு அசைகிறதா என்று பாருங்கள்: ஒரே வீட்டில் இரண்டு விதமான ஸ்லீப் ஆப்னியா

போன வருடம் ஆடி மாதத்தில் இரண்டு இரவுகள், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் என் கணவருடைய சிபாப் மெஷினை என் அப்பாவுக்கு மாட்டிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, அதாவது ஸ்லீப் ஆப்னியா, ஒருவருக்கு இந்த மெஷின் கைகொடுத்தது, அப்போது இன்னொருவருக்கும் கொடுக்கும் என்பதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று நான்கு மாதம் ஆகிவிட்டது. நம் வீடுகளில் இதே தப்பை இன்னொருவர் செய்துவிடக் கூடாது என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் என் கணவர் கதை, அது சின்னது. 46 வயது, 94 கிலோ, கழுத்துச் சுற்றளவு 17 அங்குலம். கல்யாணமான நாளிலிருந்தே குறட்டை உண்டு, ஆனால் கடைசி நான்கைந்து வருடங்களில் குறட்டை நடுவில் திடீரென்று நின்றுபோகும். சத்தம் நின்றதே என்று நிம்மதியாகத் திரும்பிப் படுக்க முடியாது, ஏனென்றால் சத்தம்தான் நின்றிருக்கும், உடம்பு நிற்காது. அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். வயிறு மேலே எழும்பும், அதே நேரம் நெஞ்சு உள்ளே இழுக்கும், அடுத்த நொடி அது தலைகீழாகும், கழுத்து நரம்பு புடைக்கும். இத்தனை பாடுபட்டும் மூக்கருகே விரலை வைத்தால் ஒரு துளி காற்று வராது. 20, 25 விநாடி இப்படிப் போராடிவிட்டு ஒரு பெரிய உறுமலோடு மூச்சு உடைத்துக்கொண்டு வரும், புரண்டு படுப்பார், இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் அதே. காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். ஆனால் அலுவலகத்தில் மீட்டிங்கில் கண் சொக்கும், ஒருமுறை சிக்னலில் வண்டியை நிறுத்திய இடத்திலேயே தூங்கிவிட்டார், அதற்கப்புறம்தான் மருத்துவரிடம் போனோம்.

தொண்டையைச் சுற்றி எலும்புக் கூடு கிடையாது, தசைதான் அதைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தூங்கும்போது அந்தத் தசை தளர்கிறது, நாக்கின் அடிப்பகுதியும் அண்ணத்தின் பின்பக்கச் சதையும் பின்னால் சரிகின்றன. நுனி அடைத்துப்போன ஸ்ட்ராவில் சாத்துக்குடி ஜூஸை உறிஞ்சிப் பாருங்கள், உறிஞ்ச உறிஞ்ச ஸ்ட்ராவின் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். அதே கதைதான். மூளை மூச்சு விடச் சொல்கிறது, நெஞ்சும் வயிறும் சொன்னதைச் செய்கின்றன, வழிதான் மூடிக்கிடக்கிறது. இது தொண்டை அடைப்பு ஆப்னியா, ஆங்கிலத்தில் அப்ஸ்ட்ரக்டிவ். இதற்கு 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் கண்டுபிடித்த வழிதான் சிபாப். மூக்கு வழியாகத் தொடர்ந்து ஓர் அழுத்தத்தில் காற்றை அனுப்பினால் அந்தக் காற்றே தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுத்து மூடவிடாமல் வைத்திருக்கும். என் கணவருக்கு ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 46 முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது. 5-க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 30-ஐத் தாண்டினால் கடுமை என்கிறார்கள். அழுத்தம் 10-ல் வைத்த பிறகு அது 3 ஆகிவிட்டது. பத்து நாளில் ஆள் மாறிவிட்டார்.

இதில் ஒரு விஷயம் பின்னால் உதவும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெஷினின் செயலியில் காலையில் ஒரு அறிக்கை வரும். மணிக்கு எத்தனை முறை என்ற மொத்த எண்ணிக்கை `AHI` என்று இருக்கும், அதற்குக் கீழே `OA`, `CA` என்று பிரித்திருக்கும். மூச்சு நிற்கும்போது மெஷின் மிகச் சின்னச் சின்னக் காற்றுத் துடிப்புகளை அனுப்பிப் பார்க்கிறது. துடிப்பு உள்ளே போனால் வழி திறந்திருக்கிறது, ஆனாலும் ஆள் மூச்சு விடவில்லை என்று பொருள், அது `CA`. துடிப்பு முட்டித் திரும்பினால் வழி அடைத்திருக்கிறது, அது `OA`. நெஞ்சு அசைகிறதா என்று மெஷினுக்குத் தெரியாது, அதனால் இது ஓர் ஊகம்தான், முழு பரிசோதனைக்கு ஈடாகாது. என் கணவருக்கு முதல் மூன்று வாரம் `CA` மட்டும் 8, 9 என்று வந்தது. அடைப்பு நீங்கியதும் சிலருக்குத் தற்காலிகமாக மூளைப் பக்கத்து நிறுத்தங்கள், அதாவது மூளை உத்தரவு தராததால் வரும், ஆங்கிலத்தில் சென்ட்ரல் என்கிற நிறுத்தங்கள் தலைகாட்டும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தானே அடங்கிவிடும், நீங்களாக அழுத்தத்தைக் கூட்டாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். அப்படியே அடங்கியது. அந்த இரண்டு எழுத்துகள் எனக்குப் பழகியது அப்படித்தான்.

இனி அப்பா. வயது 72, 2017-ல் மாரடைப்பு, இரண்டு ஸ்டென்ட். அதற்கப்புறம் இதயத்தின் பம்ப் பலம் குறைந்துவிட்டது. எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று ஒரு சதவீதம் போடுவார்கள் இல்லையா, அது அவருக்கு 30 பக்கம், சாதாரணமாக 55-க்கு மேல் இருக்க வேண்டும். அம்மா என் தங்கையின் பிரசவத்துக்காக அவள் வீட்டுக்குப் போயிருந்ததால் அப்பா எங்களோடு வந்து இரண்டு மாதம் இருந்தார். ஹாலில் கட்டில். எங்கள் அறைக் கதவைத் திறந்து வைத்தால் அவர் மூச்சு கேட்கும்.

கேட்டதுதான் பிரச்சினை. குறட்டையே கிடையாது. மூச்சு ஒவ்வொன்றாகச் சின்னதாகிக்கொண்டே போகும், ரயில் தூரத்தில் போய்த் தேய்வது போல, அப்புறம் ஒன்றுமே இருக்காது. முதல் நாள் ராத்திரி எழுந்து போய் அவர் வயிற்றில் கை வைத்தேன். அசைவே இல்லை. என் கணவருக்கு நடக்கும் அந்தப் போராட்டம், இழுப்பு, துள்ளல் எதுவும் இல்லை, கை ஒரு மேசைமேல் இருப்பது போல இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், 25 விநாடி. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் மெல்ல ஒரு சின்ன மூச்சு, அடுத்தது கொஞ்சம் பெரியது, அதற்கடுத்தது இன்னும் பெரியது, மூன்று மாடி ஏறி வந்தவர் போல வாங்கும், பிறகு மறுபடி தேய்ந்து நிற்கும். ஒரு சுற்று ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த வேகமான மூச்சின் நடுவில்தான் அவர் விழித்துக்கொள்வார், “மூச்சு முட்டுதும்மா, ஜன்னலைத் தொற” என்பார். இது முக்கியமான வித்தியாசம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தொண்டை அடைப்புக்காரர் மூச்சு நின்று முடிகிற நொடியில் உறுமிக்கொண்டு விழிப்பார். அப்பா மாதிரி ஆட்கள் நிறுத்தமெல்லாம் முடிந்து, மூச்சு உச்சத்தில் வாங்கிக்கொண்டிருக்கும்போது விழிக்கிறார்கள்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். “அவரு எப்பவும் தூக்கத்துல பெருமூச்சு விடுவாரும்மா, வயசாச்சுல்ல” என்றார். அம்மா பக்கத்திலேயே படுத்தவர், அவருக்கு நிறுத்தம் காதில் விழவில்லை, பெருமூச்சு மட்டும்தான் விழுந்திருக்கிறது.

சரி, இதுவும் அதே ஆப்னியாதான் என்று முடிவு கட்டிவிட்டேன். கணவர் இரண்டு நாள் வெளியூர் போனபோது மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மாஸ்க்கின் சிலிக்கான் பாகத்துக்குப் புதிது ஒன்று இருந்தது, அதை மாட்டி, அழுத்தம் 10-லேயே இருக்க, அப்பாவுக்குப் போட்டுவிட்டேன். முதல் இரவு இரண்டு மணி நேரத்தில் கழற்றிவிட்டார். இரண்டாம் இரவு நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்தார். காலையில் செயலியைத் திறந்தால் `AHI` 33. அதில் `CA` மட்டும் 27. அதாவது காற்றுக்கு வழி நன்றாகத் திறந்தே இருந்திருக்கிறது, மெஷின் முட்டுக்கொடுப்பதற்கு அங்கே எதுவும் மூடவில்லை, மூச்சு விடச் சொல்லும் உத்தரவுதான் வரவில்லை. அதைவிட என்னைப் பயமுறுத்தியது, அன்று காலை கட்டிலிலிருந்து எழுந்தவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. பி.பி. பார்த்தேன், 92/60. அவருக்கு வழக்கமாக 110 இருக்கும்.

அன்றே மெஷினைப் பெட்டியில் வைத்துவிட்டு நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நான் செய்ததைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டினால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் கொஞ்சம் குறையும், ஏற்கனவே பி.பி.யைக் குறைக்கும் இதய மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்கு அதனாலும் இறங்கியிருக்கலாம், மருத்துவர் பார்க்காமல் இப்படிச் செய்யக் கூடாது என்று மட்டும் சொன்னார். பிறகு மூன்று கேள்வி கேட்டார். வலிக்கு டிராமடால், மார்ஃபின் மாதிரி ஏதாவது எடுக்கிறாரா? பக்கவாதம் வந்ததுண்டா? கடைசி எக்கோ எப்போது? மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குனிந்து அப்பாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது.

வண்டவாளம் அங்கேதான் வெளியே வந்தது. நீர் பிரியும் மாத்திரையை அப்பா பதினைந்து இருபது நாளாகப் போடவில்லை. “காலைல பேங்குக்கும் ரேஷன் கடைக்கும் போனா வரிசைல நிக்கிறப்ப அடக்க முடியலம்மா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. அது சதை இல்லை, தண்ணீர்.

ஸ்லீப் ஸ்டடி ஒரு ராத்திரி முழுக்க. தலையில் ஒயர்கள், மூக்கில் காற்றோட்டம் பார்க்கும் குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப், அப்புறம் நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட். இந்த இரண்டு பெல்ட்தான் எல்லாவற்றையும் பிரித்துச் சொல்கிறது. காலையில் டெக்னீஷியன் தம்பி பொறுமையாகத் திரையில் காட்டினார், அப்பாவின் இரண்டு நிமிஷத்தையும், என்னிடம் இருந்த என் கணவருடைய பழைய ரிப்போர்ட்டின் இரண்டு நிமிஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

என் கணவருடையதில் மேலே காற்றோட்டக் கோடு நேராக, செத்த கோடு. அதற்குக் கீழே நெஞ்சுக் கோடும் வயிற்றுக் கோடும் அலையடித்துக்கொண்டே இருக்கின்றன, அதுவும் ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. நான் கையில் உணர்ந்த அதே இழுபறி. நிறுத்தத்தின் கடைசிக்கு வர வர அலைகள் பெரிதாகின்றன, சட்டென்று காற்று திறந்துகொள்கிறது.

அப்பாவுடையதில் காற்று, நெஞ்சு, வயிறு மூன்றும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. மூன்று நேர்கோடுகள். பிறகு மூன்றும் சேர்ந்தே சின்னதாக ஆரம்பித்து, நடுவில் பருத்து, மறுபடி சிறுத்து அடங்குகின்றன. மிருதங்கத்தைப் படுக்க வைத்தால் இருபுறமும் ஒடுங்கி நடு பருத்து இருக்குமே, அந்த வடிவம்தான், ஒன்றன் பின் ஒன்றாக மிருதங்கங்கள், நடுவில் வெற்றிடம். இதற்குச் செய்ன் ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். 1818-ல் ஜான் செய்ன், 1854-ல் வில்லியம் ஸ்டோக்ஸ், இரண்டு பேரும் டப்ளினில் வேலை பார்த்த மருத்துவர்கள், வயரும் பெல்ட்டும் இல்லாத காலத்தில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியது.

இன்னொன்றையும் அந்தத் தம்பி காட்டினார், நான் கவனித்திருக்கவே மாட்டேன். மூச்சு நின்று, மறுபடி ஆரம்பித்த பிறகும் ஆக்சிஜன் கோடு இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பும். நுரையீரலில் சேர்ந்த ஆக்சிஜன் விரலுக்கு வந்து சேர ஆகும் நேரம் அது. என் கணவருக்கு அந்தத் தாமதம் 15 விநாடி அளவு. அப்பாவுக்குக் கிட்டத்தட்ட 30. பம்ப் மெதுவாக அடிப்பதால் ரத்தம் மெதுவாகப் போகிறது. அப்பாவின் ஆப்னியாவுக்குக் காரணம் அந்த இடைவெளியில்தான் பாதி இருக்கிறது.

எங்கள் பழைய வீட்டில் மாடித் தொட்டிக்குத் தானாக நிற்கும் ஸ்விட்ச் கிடையாது. மாடியிலிருந்து ஒருவர் கத்த வேண்டும், கீழே ஒருவர் மோட்டாரை நிறுத்த வேண்டும். கத்துவது உடனே கேட்டால் தொட்டி சரியாக நிரம்பும். கேட்க நேரமானால் வழிந்த பிறகுதான் மோட்டார் நிற்கும், காலியான பிறகுதான் ஓடும். மூச்சைக் கூட்டவும் குறைக்கவும் மூளை பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஆக்சிஜனை அல்ல, ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடை. தூக்கத்தில் அதற்கு ஓர் அடிமட்டம் உண்டு, அதற்குக் கீழே போனால் மூச்சு விடு என்ற உத்தரவே வராது. அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்திருந்ததால் அது சும்மா சும்மா மூச்சை வேகப்படுத்திக்கொண்டிருந்தது, அதனால் கார்பன் டை ஆக்சைடு எப்போதுமே அடிமட்டத்துக்குப் பக்கத்தில். ரத்தப் பரிசோதனையில் 33 இருந்தது, சாதாரணமாக 40 பக்கம் இருக்க வேண்டும். நாலு பெரிய மூச்சு விட்டால் அடிமட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது, மூளை அமைதியாகிவிடுகிறது. அமைதியாக இருக்கும்போது வாயு சேர்கிறது, ஆனால் அந்தச் செய்தி மெதுவான ரத்தத்தில் தாமதமாக வந்து சேர்கிறது, அதற்குள் ரொம்பச் சேர்ந்துவிட்டது, மூளை பதறி அளவுக்கு மேல் மூச்சை வாங்கச் சொல்கிறது, மறுபடி கீழே. இப்படியே ராத்திரி முழுக்க.

மூளையின் உத்தரவு பலவீனமாகிவிட்டது என்று இந்த வகைக்குப் பொதுவாகச் சொல்வார்கள், நானும் அப்படித்தான் முதலில் புரிந்துகொண்டேன். நிறுத்தம் நடக்கும் அந்த 25 விநாடியில் அது உண்மை. ஆனால் அப்பாவுக்கு மூளை தூங்கிவிடவில்லை, அளவுக்கு மீறிப் பதறுகிறது. நிஜமாகவே உத்தரவு பலவீனமாகிற கூட்டம் வேறே. மருத்துவர் வலி மாத்திரையைப் பற்றி முதல் கேள்வியாகக் கேட்டது அதற்காகத்தான். மார்ஃபின் வகை மருந்துகள் மூளைத்தண்டில் மூச்சுக்கான இடத்தையே மந்தமாக்கும், அவர்களுக்கு மிருதங்க வடிவம் வராது, மூச்சு எண்ணிக்கையே குறைந்து, நினைத்தபோது ஒன்று, இல்லாவிட்டால் இல்லை என்று தாறுமாறாக இருக்கும், கார்பன் டை ஆக்சைடு 33-க்குப் பதிலாக 50-க்குக்கூட ஏறியிருக்கலாம். மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தவர்களுக்கும் உத்தரவே கெட்டுப்போகலாம். அங்கே முதல் வேலை மருந்தைக் குறைக்க முடியுமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்பது, நாமாக நிறுத்துவது அல்ல. முட்டி வலிக்கும் முதுகு வலிக்கும் டிராமடால் சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது, பலருக்கு அது எந்த வகை மாத்திரை என்றே தெரியாது, அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரையும் அதனோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து.

அப்பாவின் ரிப்போர்ட்: மணிக்கு 38, அதில் 31 மூளைப் பக்கம், 3 அடைப்பு, மீதி அரைகுறை மூச்சுகள். ஆக்சிஜன் அதிகபட்சமாக 82 வரை இறங்கியது. என் கணவருக்கு 71 வரை போனது. வெறும் எண்ணிக்கையையும் ஆக்சிஜனையும் மட்டும் பார்த்தால் என் கணவருக்குத்தான் மோசம் என்று தோன்றும். நோய் எது என்பதை அந்த இரண்டு எண்ணும் சொல்லாது.

அதற்குள் நான் நிறையப் படித்துவிட்டிருந்தேன். ஏ.எஸ்.வி. என்று ஒரு மெஷின் இருக்கிறது, மூச்சு சிறுக்கும்போது தானே தள்ளும், பருக்கும்போது தானே குறைக்கும், மிருதங்கத்தையே சமமாக்கிவிடும். விலை அதிகம், ஆனாலும் வாங்கிவிடலாம் என்று போய்க் கேட்டேன். மருத்துவர் தலையசைத்து மறுத்தார். 2015-ல் வெளிவந்த செர்வ் எச்.எஃப். என்ற ஆய்வு, இ.எஃப். 45 அல்லது அதற்குக் கீழே உள்ள, அப்பாவைப் போன்ற 1,325 பேர். மெஷின் போட்டவர்களுக்கு ராத்திரி மூச்சு அழகாகச் சீரானது, ஆனால் இதய நோயால் இறந்தவர்கள் அந்தப் பக்கத்தில்தான் அதிகம், 29.9 சதவீதம், மெஷின் இல்லாத பக்கத்தில் 24. திரையில் கோடு சீராவதும் ஆள் பிழைப்பதும் ஒன்றல்ல என்று அந்த எண்கள் எனக்குப் புரியவைத்தன. அதற்கப்புறம் வேறு வகை ஏ.எஸ்.வி. மெஷினோடு நடந்த இன்னொரு ஆய்வில் அந்த ஆபத்து தெரியவில்லை, ஆனால் ஆயுள் கூடியதாகவும் தெரியவில்லை, அதனால் மருத்துவர்களிடையே இதில் இன்னும் ஒரே கருத்து இல்லை. எங்கள் மருத்துவர் இ.எஃப். 30-ல் இருக்கும்போது வேண்டாம் என்றார், நான் ஒத்துக்கொண்டேன்.

அப்போது என்னதான் செய்வது? இதயத்தைப் பார்ப்பதுதான். இதய மருத்துவர் நீர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார், வெளியே போகிற நாளில் திரும்பி வந்த பிறகு மதியம் போடலாம், விடக் கூடாது என்று நேரத்தை அப்பாவுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார். இந்தச் சின்ன மாற்றம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிகிச்சை என்று நான் நினைக்கிறேன். மற்ற இதய மாத்திரைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். ஊறுகாய், அப்பளம் நின்றது, அதற்கு அப்பா பட்ட வருத்தம் தனி. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினோம், பக்கவாட்டில் படுக்கப் பழக்கினோம். பகலெல்லாம் காலில் தேங்கும் நீர் படுத்தவுடன் மேலே நகர்ந்து நெஞ்சுக்கும் கழுத்துக்கும் வந்துவிடுகிறது, மல்லாந்து படுத்தால் இரண்டு வகை ஆப்னியாவுமே கூடும்.

பத்து நாளில் எடை மூன்று கிலோ இறங்கியது. ஜன்னலைத் திறக்கச் சொல்லி எழுவது வாரத்துக்கு ஒரு நாள் ஆனது. நாலு மாதம் கழித்து, வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டுகிற சின்ன பரிசோதனையில் மணிக்கு 17. எக்கோவில் இ.எஃப். 36. மூச்சு இன்னமும் நிற்கிறது, ஆனால் நான் எண்ணும்போது 12, 14 விநாடி.

வீட்டில் யாருக்காவது மூச்சு நிற்கிறது என்று சந்தேகம் இருந்தால், மருத்துவரிடம் போகும் முன் ஒரு வீடியோ எடுங்கள். போர்வையை விலக்கி, நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி, மெல்லிய விளக்கில், போனை ஒரு ஸ்டூலில் வைத்து, குறைந்தது ஐந்து நிமிஷம். முகத்தை மட்டும் எடுத்து ஒரு பயனும் இல்லை, நான் முதலில் எடுத்தது அப்படித்தான். மூச்சு நிற்கும்போது வயிறு துள்ளுகிறதா, அசையாமல் கிடக்கிறதா, ஒரு சுற்று எத்தனை விநாடி, விழிப்பது எந்த இடத்தில், இந்த மூன்றும் அதில் தெரிந்தால் போதும். இதை வைத்து நீங்களே நோயைத் தீர்மானித்துவிட முடியாது. குண்டானவர்களிடம் போர்வை இல்லாமலும் அசைவு தெரியாமல் போகலாம், ஒரே நிறுத்தம் அசைவின்றி ஆரம்பித்து இழுபறியாக முடிகிறதும் உண்டு, ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு. ஆனால் எந்தப் பரிசோதனை கேட்பது என்று மருத்துவர் முடிவு செய்ய அந்த வீடியோ உதவும்.

பரிசோதனையில் பெல்ட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். விரல் கிளிப்பை மட்டும் கொடுத்துவிட்டு ராத்திரி ஆக்சிஜன் இறங்குகிறது, சிபாப் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மெஷின் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளிப்பில் இறக்கம் தெரியும், இறங்கியது ஏன் என்று தெரியாது. இதய பலவீனம், பக்கவாதம், மார்ஃபின் வகை மருந்து, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வீட்டுப் பரிசோதனையோடு நிற்காமல் ஆய்வகத்தில் ஒரு ராத்திரி படுப்பதுதான் சரி. எங்களுக்கு இரண்டாம் முறை வீட்டிலேயே செய்தது, நோய் எது என்று முன்பே தெரிந்துவிட்டதால்.

அம்மா திரும்பி வந்துவிட்டார், அப்பாவும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். போன மாதம் போயிருந்தபோது சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே ஓர் எண் எழுதியிருந்தது. காலையில் பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன்னால் எடை பார்த்து எழுதுகிறார். இரண்டு மூன்று நாளில் ஒன்றரை இரண்டு கிலோ ஏறினால் இதய மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நம்பரையும் மேலேயே எழுதி வைத்திருக்கிறார். அன்றைய தேதியில் 61.4. முந்தைய வாரம் முழுக்க 61-ஐ ஒட்டித்தான் இருந்தது. ராத்திரி அம்மா தூங்கிய பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன், பதினொன்றாவது விநாடியில் வயிறு மெல்ல எழுந்தது.